புதிதாக உருவாகும் புரதம் எங்கே போகும்? பால்மரத்தின் ஹெவீனைக் கொண்டு சமிக்ஞை வரிசைகளைப் படித்தறியும் முறை

எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷன் முடித்துவிட்டுப் பினாங்கிலோ கோலாலம்பூரிலோ உயிர்வேதியியல் ஆய்வகத்தில் சேரும் மாணவரிடம் பெரும்பாலும் முதலில் தரப்படுவது ஒரு புரதத்தின் அமினோ அமில வரிசைதான். இருபது எழுத்துகளில் எழுதப்பட்ட அந்த நீண்ட வரியைப் பார்த்து, இந்தப் புரதம் செல்லுக்குள் எங்கே போய்ச் சேரும் என்று கேட்பார்கள். கணினி நிரலில் ஒட்டி விடையைப் பெறுவது எளிது. அந்த விடையை நம்பலாமா என்று முடிவு செய்யத்தான் வரிசையைக் கண்ணால் படிக்கத் தெரிய வேண்டும். அதை எப்படிப் படிப்பது என்பதை ஒரே ஒரு புரதத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன்.

நான் தேர்ந்தெடுத்திருக்கும் புரதம் ஹெவீன். நம்மில் பலருடைய தாத்தாவும் பாட்டியும் தோட்டப்புறத்தில் விடியலுக்கு முன்பே எழுந்து வெட்டிய பால்மரத்தின் பாலில்தான் இது இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு ஆர்ச்சர் என்பவர் இதைப் படிக வடிவில் பிரித்தெடுத்து விவரித்தார். அறிமுகமான மரம் என்பதற்காக மட்டும் இதை எடுக்கவில்லை. சரியான அறைக்குள் அடைபட்டிருக்கும்வரை ஹெவீனால் மரத்துக்குத் தொல்லை இல்லை. அந்த அறை உடைந்து வெளிவந்துவிட்டால் ரப்பர்த் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பாலை உறையச் செய்யும். எனவே இந்தப் புரதத்தைப் பொறுத்தவரை, எங்கே இருக்கிறது என்ற கேள்வியும் என்ன வேலை செய்கிறது என்ற கேள்வியும் ஏறத்தாழ ஒன்றே.

தெரிந்திருக்க வேண்டிய அடிப்படை

செல்லின் பெரும்பாலான புரதங்கள் சைட்டோபிளாசத்தில் உள்ள ரைபோசோம்களில் உருவாகத் தொடங்குகின்றன. உருவாகும் புரதத்தில் எந்தச் சமிக்ஞையும் இல்லையென்றால் அது அங்கேயே தங்கிவிடும். வேறிடம் செல்ல வேண்டிய புரதத்தில், அந்த இடத்திற்குரிய வாங்கிப் புரதம் அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளத்தக்க ஒரு சிறு பகுதி இருக்கும். அதைத்தான் சமிக்ஞை வரிசை என்கிறோம். சுரப்புப் பாதைக்கு உரிய சமிக்ஞையும் மைட்டோகாண்டிரியாவுக்கு உரிய சமிக்ஞையும் பெரும்பாலும் புரதத்தின் தொடக்க முனையில், அதாவது N-முனையில், அமைந்திருக்கும். சேருமிடம் வந்ததும் வழக்கமாக வெட்டி நீக்கப்படும். உட்கருவுக்கு உரிய சமிக்ஞை வரிசையின் எந்த இடத்திலும் இருக்கலாம், அது வெட்டப்படுவதும் இல்லை. செல் பிரிவின்போது விலங்குகளிலும் தாவரங்களிலும் உட்கருவின் உறை கலைந்து உள்ளிருந்த புரதங்கள் வெளியே சிதறுவதையும், பிரிவு முடிந்ததும் அவை மீண்டும் உள்ளே செல்ல வேண்டியிருப்பதையும் எண்ணிப் பார்த்தால், அந்தச் சமிக்ஞை நிலையாக இருக்க வேண்டிய காரணம் விளங்கும்.

இந்தச் சமிக்ஞைகளை எழுத்துக்கு எழுத்து பொருத்தித் தேட முடியாது என்பதைப் புதிதாக வருபவர்கள் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும். இரண்டு சுரப்புப் புரதங்களின் சமிக்ஞைப் பெப்டைடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் ஒத்த எழுத்துகள் மிகக் குறைவாகவே தென்படும். ஒத்திருப்பது அவற்றின் பண்பு: எண்ணெய்த்தன்மை கொண்ட எழுத்துகள் எங்கே குவிந்திருக்கின்றன, மின்னேற்றம் உள்ளவை எங்கே நிற்கின்றன என்பவைதான். ஆகவே எழுத்துகளை மூன்று குழுக்களாகப் பார்க்கப் பழகுங்கள். `L I V F M A W C` ஆகியவை நீரை விலக்குபவை. `K R` இரண்டும் நேர்மின்னேற்றம் கொண்டவை. `D E` இரண்டும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. மற்றவற்றைத் தேவைப்படும்போது கவனித்தால் போதும்.

முதல் படி: கையில் இருப்பது முழு வரிசைதானா என்று உறுதி செய்தல்

தவறுகளில் மிகுதியானவை இந்தப் படியில்தான் நேர்கின்றன. அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ரப்பர் பாலிலிருந்து தூய்மைப்படுத்தப்பட்ட ஹெவீனின் வரிசை 43 அமினோ அமிலங்கள் கொண்டது. அது இப்படித் தொடங்குகிறது:

```
EQCGRQAGGKLCPNNLCCSQWGWCGSTDEYC...
```

இதை மட்டும் வைத்துக்கொண்டு சமிக்ஞையைத் தேடினால் எதுவும் கிடைக்காது. ஹெவீன் சைட்டோபிளாசப் புரதம் என்ற தவறான முடிவுக்கே வருவீர்கள். இந்த வரிசை `M` எழுத்தில் தொடங்கவில்லை என்பதே முதல் எச்சரிக்கை. ரைபோசோம் புரதத்தை மெத்தியோனினில் தொடங்குகிறது. எனவே `M` இல்லாமல் தொடங்கும் வரிசை ஏற்கெனவே வெட்டப்பட்ட முதிர்ந்த புரதத்தினுடையதாகவோ முன்பகுதி விடுபட்டுப் போனதாகவோ இருக்க வேண்டும். முப்பரிமாண அமைப்புத் தரவுத்தளங்களில் இருந்து எடுக்கப்படும் வரிசைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

UniProt தரவுத்தளத்தில் `P02877` என்று தேடினால் ஹெவீனின் முன்னோடிப் புரதம் முழுமையாகக் கிடைக்கும். 1990-இல் வெளியான சிடிஎன்ஏ ஆய்விலிருந்து, ஹெவீன் 204 அமினோ அமிலங்கள் கொண்ட முன்னோடியாகவே உருவாகிறது என்பது தெரிய வந்தது. அதில் முதல் 17 எழுத்துகள் சமிக்ஞைப் பெப்டைடு, அடுத்த 43 ஹெவீன், மீதி 144 ஒரு பின்பகுதி. அதன் தொடக்கம் இதோ:

```
MNIFIVVLLCLTGVAIAEQCGRQAGGKLCPNN...
```

`M` இருந்துவிட்டாலே வரிசை முழுமையானது என்று கொள்ள முடியாது. மரபணுத் தொகுதியிலிருந்து கணினி ஊகித்த வரிசையில், உண்மையான தொடக்க `M`-ஐத் தவறவிட்டு உள்ளே இருக்கும் வேறொரு `M`-ஐத் தொடக்கமாகக் குறித்திருக்க வாய்ப்புண்டு. இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, நெருங்கிய இனங்களின் அதே புரதத்தை அருகில் வைத்து ஒப்பிடுவது. மற்ற எல்லா வரிசைகளும் இருபது முப்பது எழுத்துகள் முன்னதாகத் தொடங்க, உங்களுடையது மட்டும் பின்தங்கித் தொடங்கினால், மரபணுவின் முன்பகுதியை மறுபடி படித்துப் பாருங்கள். சமிக்ஞை அந்த இழந்த பகுதியில்தான் இருந்திருக்கக்கூடும்.

இரண்டாம் படி: முதல் முப்பது எழுத்துகளில் எண்ணெய்த்தொடரைத் தேடுதல்

சுரப்புப் பாதையை முதலில் சோதிப்பதற்குக் காரணம் இருக்கிறது. சமிக்ஞைப் பெப்டைடு ரைபோசோமின் வாயிலிலிருந்து வெளியே எட்டிப் பார்த்ததுமே எஸ்ஆர்பி எனப்படும் துகள் அதைப் பற்றிக்கொண்டு, ரைபோசோமையே எண்டோபிளாச வலையின் சவ்வுக்கு இழுத்துச் சென்றுவிடுகிறது. புரதம் முழுவதும் உருவாகி முடிவதற்குள் இது நடந்துவிடும். உட்கருவுக்கும் மைட்டோகாண்டிரியாவுக்கும் செல்லும் புரதங்கள் பெரும்பாலும் முழுமையாக உருவான பிறகே பயணப்படுகின்றன. ஆகவே ஒரே புரதத்தில் சுரப்புச் சமிக்ஞையும் உட்கருச் சமிக்ஞை போன்ற ஒரு பகுதியும் இருந்தால், முந்திக்கொள்ளும் சுரப்புச் சமிக்ஞையே வழக்கமாக வெல்லும். உள்ளே எங்கோ `KKKRK` போன்ற தொடர் தென்படுகிறது என்பதற்காகச் சுரப்புப் புரதத்தை உட்கருப் புரதம் என்று எழுதிவிடக்கூடாது. இந்த முன்னுரிமை வரிசையை நிரல்களின் மதிப்பெண்களுக்கும் மேலாக நான் மதிக்கிறேன்.

சமிக்ஞைப் பெப்டைடை மூன்று பகுதிகளாகப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் பெரும்பாலும் ஒன்றிரண்டு நேர்மின்னேற்ற எழுத்துகள் இருக்கும். அடுத்து ஏழு முதல் பதினைந்து வரை நீரை விலக்கும் எழுத்துகள் தொடர்ச்சியாக வரும். எஸ்ஆர்பி பற்றிக்கொள்வது இந்த நடுப்பகுதியைத்தான், மூன்றில் இதுவே தவிர்க்க முடியாதது. கடைசியாக வெட்டுமிடத்தைக் கொண்ட சிறு பகுதி வரும்.

ஹெவீனைப் படித்துப் பார்ப்போம். மூன்றாம் எழுத்திலிருந்து பதினொன்றாம் எழுத்துவரை `IFIVVLLCL` என்று ஒன்பது எழுத்துகள் இடைவெளியின்றி நீரை விலக்குபவை. சுரப்புப் பாதைக்கு இது தெளிவான சான்று. ஆனால் தொடக்கத்தில் `K`-யோ `R`-ஓ இல்லையே என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். உயிர்செல்லில் புரதத்தின் தொடக்கமுனை அமினோத் தொகுதியே நேர்மின்னேற்றம் உடையது. சில சமிக்ஞைப் பெப்டைடுகளுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. பாடநூலில் உள்ள மூன்று பகுதிகளும் அப்படியே அமைந்தால்தான் ஏற்பேன் என்று பிடிவாதமாக இருந்தால் ஹெவீனைத் தவறவிட்டுவிடுவோம்.

இதே படியில் எதிர்த்திசைத் தவறு ஒன்றும் உண்டு. நீரை விலக்கும் தொடர் பதினெட்டு, இருபது எழுத்துகளுக்கு மேல் நீண்டிருந்து, அதன்பின் வெட்டுமிடம் எதுவும் தென்படவில்லை என்றால், அது சவ்வில் புரதத்தை நிலையாகப் பொருத்தி வைக்கும் நங்கூரமாக இருக்கலாம். அந்தப் புரதமும் எண்டோபிளாச வலைக்குத்தான் செல்லும், ஆனால் வெட்டப்படாமல் சவ்விலேயே குத்தி நிற்கும்.

மூன்றாம் படி: வெட்டுமிடத்தைக் குறித்தல்

எண்டோபிளாச வலையின் உட்புறத்தில் உள்ள சமிக்ஞைப் பெப்டிடேஸ் என்னும் நொதியே சமிக்ஞையை வெட்டி நீக்குகிறது. வெட்டுமிடத்திற்கு உடனடியாக முன்னுள்ள எழுத்தை −1 என்றும், அதற்கு இரண்டு எழுத்து முன்னுள்ளதை −3 என்றும் குறிப்பது வழக்கம். 1980-களில் குன்னார் ஃபான் ஹைனே எடுத்துக்காட்டியபடி, −1 இடத்தில் அலனின், கிளைசின், செரின் போன்ற சிறிய எழுத்துகளே வரும்; −3 இடத்தில் மின்னேற்றம் உள்ளவையும் பெரிய வளைய அமைப்பு கொண்டவையும் வருவதில்லை. நொதியின் பள்ளத்தில் அவ்விரு பக்கச்சங்கிலிகளும் பொருந்த வேண்டும் என்பதே காரணம்.

ஹெவீனில் நடுப்பகுதி பதினொன்றாம் எழுத்தோடு முடிகிறது. அதற்குப்பின் `TGVAIA` என்று ஆறு எழுத்துகள். பதினேழாம் எழுத்துக்குப் பின் வெட்டினால் −1 இடத்தில் `A17`, −3 இடத்தில் `A15`, விதி நிறைவேறுகிறது. பதினைந்தாம் எழுத்துக்குப் பின் வெட்டினாலோ −1 இடத்தில் `A15`, −3 இடத்தில் `G13`. இதுவும் விதிக்கு உட்பட்டதே. ஆக விதி நமக்கு இரண்டு விடைகளைத் தருகிறது. இரண்டில் எது உண்மை என்பதைத் தீர்த்துவைப்பது தூய்மைப்படுத்திய ஹெவீனின் N-முனை. அது `EQCG` என்று தொடங்குவதால் வெட்டு பதினேழுக்கும் பதினெட்டுக்கும் இடையில்தான். நீங்கள் ஆராயும் புதிய புரதத்துக்கு இத்தகைய நேரடிச் சான்று இல்லாதபோது, வெட்டுமிடம் இரண்டு மூன்று எழுத்துகள் முன்பின் இருக்கலாம் என்று உங்கள் அறிக்கையில் எழுதிவிடுவதே நேர்மையானது. செல்லுமிடம் பற்றிய முடிவு இதனால் மாறாது. ஆனால் முதிர்ந்த புரதத்தை பாக்டீரியாவில் உற்பத்தி செய்ய மரபணுவை வடிவமைக்கும்போது அந்த இரண்டு எழுத்துகள் பொருட்படுத்தத்தக்கவை.

வெட்டு நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மனித இன்சுலினில் ஒரு துயரமான உதாரணம் உண்டு. அதன் சமிக்ஞைப் பெப்டைடு 24 எழுத்துகள் கொண்டது. −1 இடத்தில் அலனின் இருக்கிறது. அந்த அலனின் அஸ்பார்டிக் அமிலமாக மாறிவிட்டால் நொதியால் சரியாக வெட்ட முடிவதில்லை. சிலருக்குப் பச்சிளம் பருவத்திலேயே நீரிழிவு தோன்றுவதற்கு இந்த ஒற்றை எழுத்து மாற்றம் காரணமாகிறது.

நான்காம் படி: எண்ணெய்த்தொடர் இல்லையென்றால் மைட்டோகாண்டிரியாவைச் சோதித்தல்

ஹெவீனுக்கு இந்தப் படி தேவைப்படவில்லை. ஆனால் உங்கள் புரதத்துக்குத் தேவைப்படலாம் என்பதால், ஈஸ்ட்டின் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நான்காம் துணை அலகை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் 25 எழுத்துகள்:

```
MLSLRQSIRFFKPATRTLCSSRYLL
```

முதலில் கண்ணில் பட வேண்டியது, இதில் `D`-யும் `E`-யும் ஒன்றுகூட இல்லை என்பது. இரண்டாவது, `R`-உம் `K`-யும் ஆங்காங்கே பரவி நின்று நீரை விலக்கும் தொடரை நீள விடாமல் துண்டுபோடுகின்றன என்பது. மூன்றாவது பண்பு நேரே கண்ணுக்குத் தெரியாது, சிறு கணக்கு போட வேண்டும். இந்தப் பகுதி சுருள் வடிவம் எடுக்கும்போது ஒவ்வொரு எழுத்தும் முந்தையதிலிருந்து 100 பாகை திரும்பி நிற்கும். எனவே எழுத்தின் வரிசை எண்ணை 100-ஆல் பெருக்கி, 360-இன் மடங்குகளைக் கழித்தால் அது எந்தத் திசையை நோக்குகிறது என்பது தெரியும். `R5` 140 பாகையில் நிற்கிறது; `R9` 180 பாகையில்; `K12` 120 பாகையில். நேர்மின்னேற்றங்கள் மூன்றும் ஒரே பக்கத்தில் கூடிவிட்டன. `L4` 40 பாகையிலும், `I8` 80 பாகையிலும், `F11` 20 பாகையிலும் நின்று வேறொரு பக்கத்தை எண்ணெய்த்தன்மை உடையதாக்குகின்றன. `L2` மட்டும் 200 பாகையில் தனித்து நிற்கிறது. இயற்கையான வரிசைகளில் இத்தகைய விலகல் எப்போதும் இருக்கும்.

ஒருபக்கம் எண்ணெய்த்தன்மை, மறுபக்கம் நேர்மின்னேற்றம் என்ற இந்த இருமுக அமைப்பைத்தான் மைட்டோகாண்டிரியாவின் வெளிச்சவ்வில் உள்ள வாங்கிப் புரதங்கள் அடையாளம் காண்கின்றன. உட்சவ்வின் மின்னழுத்தம், உட்புறம் எதிர்மின்னேற்றமாக இருப்பதால், நேர்மின்னேற்றம் கொண்ட சமிக்ஞையை உள்நோக்கி இழுக்கிறது. பாசல் நகரில் காட்ஃப்ரீட் ஷாட்ஸின் குழு 1980-களின் நடுவில் செய்த ஆய்வுகளில், இந்தச் சமிக்ஞையை எலியின் சைட்டோபிளாச நொதி ஒன்றோடு இணைத்தபோது அந்த நொதி மைட்டோகாண்டிரியாவுக்குள் சென்றது. முதல் 12 எழுத்துகளே அதற்குப் போதுமானவையாக இருந்தன.

தாவரப் புரதங்களோடு வேலை செய்பவர்கள் இங்கே கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். பசுங்கணிகத்துக்குச் செல்லும் சமிக்ஞையும் `D`, `E` குறைந்ததுதான், செரின் மிகுந்தது, மைட்டோகாண்டிரியச் சமிக்ஞையோடு எளிதில் குழம்பக்கூடியது. `TargetP` போன்ற நிரலைப் பயன்படுத்தும்போது உயிரினவகையைத் தாவரம் என்று தேர்ந்தெடுக்க மறந்தால், நிரல் பசுங்கணிகத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமலே விடை தந்துவிடும். இன்னொரு வரம்பும் உண்டு: ஏடிபி-யை உட்சவ்வின் ஊடாகக் கடத்தும் புரதங்களைப் போன்ற சில மைட்டோகாண்டிரியப் புரதங்களில் வெட்டப்படும் N-முனைச் சமிக்ஞையே பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே முன்முனையில் எதுவும் இல்லை என்பதால் மட்டும் மைட்டோகாண்டிரியாவை விலக்கிவிட முடியாது.

ஐந்தாம் படி: முழு வரிசையிலும் உட்கருச் சமிக்ஞையைத் தேடுதல்

இதற்கான பழைய, தெளிவான சான்று எஸ்வி40 வைரசின் பெரிய டி-ஆன்டிஜெனில் கிடைத்தது. அதன் 126 முதல் 132 வரையிலான `PKKKRKV` என்ற ஏழு எழுத்துகள், உட்கருவுக்குள் செல்லாத பெரிய புரதங்களோடு இணைக்கப்பட்டபோது அவற்றையும் உள்ளே கொண்டுசென்றன என்று 1984-இல் கால்டெரானும் உடன் பணியாற்றியவர்களும் காட்டினர். 128-ஆம் இடத்து லைசினை மட்டும் மாற்றினாலே டி-ஆன்டிஜென் சைட்டோபிளாசத்தில் தேங்கிவிட்டது. சில புரதங்களில் இந்த `K`, `R` கூட்டம் இரண்டாகப் பிரிந்து, இடையில் பத்து அல்லது பன்னிரண்டு எழுத்துகள் இடைவெளி விட்டும் அமையும்.

இந்தத் தேடலில் பொய்யான பொருத்தங்கள் மிகுதி. ஆர்என்ஏ-வைப் பற்றும் புரதங்களில் அந்த வேலைக்காகவே `K`-யும் `R`-உம் கூட்டமாக இருக்கும். எனவே உட்கருச் சமிக்ஞை பற்றிய நிரலின் விடையைச் சோதிக்கப்படாத கருதுகோளாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஹெவீன் முன்னோடியின் 204 எழுத்துகளையும் படித்தால் இத்தகைய கூட்டம் எங்கும் இல்லை. அதோடு இந்தப் படி முடிந்துவிடுகிறது.

ஆறாம் படி: சுரப்புப் பாதையில் எங்கே இறங்குகிறது?

சமிக்ஞைப் பெப்டைடு இருக்கிறது என்றதும், புரதம் செல்லுக்கு வெளியே சுரக்கப்படுகிறது என்று முடிவு கட்டுவது மாணவர்களிடம் நான் அடிக்கடி காணும் அவசரம். அந்தச் சமிக்ஞை எண்டோபிளாச வலைக்குள் நுழைவதற்கான அனுமதி மட்டுமே. அங்கிருந்து கோல்கி வழியாகச் செல்லும் புரதம், வேறு சமிக்ஞை எதுவும் இல்லையென்றால் வெளியே போகும். விலங்குசெல்களில் கடைசி நான்கு எழுத்துகள் `KDEL` என்றிருந்தால் எண்டோபிளாச வலைக்கே திருப்பி அழைக்கப்படும். தாவரங்களில் `HDEL` என்பதும் பரவலாகக் காணப்படுகிறது. தாவரங்களில் வாக்குவோலுக்குச் செல்ல வேண்டியவை அதற்கென வேறொரு சமிக்ஞையைக் கொண்டிருக்கும். பார்லியின் லெக்டினில் அது புரதத்தின் கடைசியில் உள்ள 15 எழுத்துகளில் இருக்கிறது.

ஹெவீன் இறங்குமிடம் லுடாய்டு. அது பால்நாளங்களில் உள்ள, வாக்குவோல் வகையைச் சேர்ந்த, சவ்வால் சூழப்பட்ட சிறு உறுப்பு. மரத்தை வெட்டும்போது வடியும் பால் உண்மையில் பால்நாளச் செல்களின் சைட்டோபிளாசமே. ரப்பர்த் துகள்களும் லுடாய்டுகளும் அதனோடு வெளியேறி மங்கில் சேர்கின்றன. உட்கருவும் மைட்டோகாண்டிரியாவும் பெரும்பாலும் நாளத்துக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. வெட்டுவாயில் லுடாய்டுகள் உடையும்போது ஹெவீன் வெளிப்பட்டு, ரப்பர்த் துகள்களின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரைத் தொகுதிகளைப் பற்றி அவற்றை இணைக்கிறது. வெட்டுவாய் அடைபட இதுவும் ஒரு காரணம். முதல் 17 எழுத்துகள் இல்லாமல் ஹெவீன் நேரடியாகச் சைட்டோபிளாசத்தில் உருவாகியிருந்தால், ரப்பர்த் துகள்களோடு ஒரே அறையில் இருந்திருக்கும். அதுமட்டுமன்று, ஹெவீனின் 43 எழுத்துகளில் எட்டு சிஸ்டீன்கள்; அவை நான்கு கந்தகப் பிணைப்புகளாக இணைந்தால்தான் புரதம் தன் வடிவத்தைப் பெறும். அந்தப் பிணைப்புகள் உருவாக ஏற்ற சூழல் எண்டோபிளாச வலைக்குள் உண்டு, சைட்டோபிளாசத்தில் இல்லை.

ஏழாம் படி: ஊகத்தை ஆய்வகத்தில் சோதித்தல்

வழக்கமான முறை, ஒளிரும் புரதம் ஒன்றை இணைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. இணைக்கும் இடத்தைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். ஒளிர்புரதத்தை N-முனையில் ஒட்டினால் சமிக்ஞை மறைந்துவிடும். எஸ்ஆர்பிக்கு அது தொடக்கத்திலேயே தென்பட வேண்டும். C-முனையில் ஒட்டினால் `KDEL` போன்றவையும் வாக்குவோல் சமிக்ஞையும் மறையக்கூடும். ஆகவே ஹெவீன் போன்ற புரதத்துக்குச் சமிக்ஞைப் பெப்டைடுக்கும் முதிர்ந்த பகுதிக்கும் இடையில், வெட்டுமிடத்துக்குப் பின் இரண்டு மூன்று எழுத்துகளை அப்படியே விட்டுவிட்டு, ஒளிர்புரதத்தைச் செருகுவதையே நான் பரிந்துரைப்பேன். முன்னோடி பிறகு துண்டாக்கப்படும்போது ஒளிர்புரதம் எந்தத் துண்டோடு போகிறது என்பதையும் மறக்கக்கூடாது.

வழக்கமான பச்சை ஒளிர்புரதம் அமிலச் சூழலில் மங்கிவிடும். தாவர வாக்குவோலில், குறிப்பாக வெளிச்சத்தில் வளர்ந்த செடிகளில், சிதைந்தும் போகும். ஒளி தெரியவில்லை என்பதைப் புரதம் அங்கே இல்லை என்று எடுத்துக்கொண்டால் தவறான முடிவு கிடைக்கும். அமிலத்தைத் தாங்கும் சிவப்பு ஒளிர்புரதத்தைப் பயன்படுத்துவது நல்லது. உட்கருவைப் பற்றிய சோதனையில் வேறொரு சிக்கல் உண்டு. தனியான பச்சை ஒளிர்புரதம் ஏறத்தாழ 27 கிலோடால்டன் எடை கொண்டது. சுமார் 40 கிலோடால்டனுக்குக் குறைவான புரதங்கள் உட்கருத் துளைகளின் வழியே சமிக்ஞை இல்லாமலே ஊடுருவக்கூடியவை. எனவே உட்கருவில் ஒளி தெரிவதால் மட்டும் சமிக்ஞை நிரூபணமாகாது. தனி ஒளிர்புரதத்தைக் கட்டுப்பாடாக வைப்பதோடு, சோதிக்கும் கட்டமைப்பை அந்த எல்லைக்கு வெகுமேலாகப் பெரிதாக்கவும் வேண்டும்.

சமிக்ஞையைச் சிதைத்த வடிவமும் கட்டாயம் வேண்டும். ஹெவீனின் நடுப்பகுதியில் எட்டாம் இடத்து லியூசினை மாற்றிப் பார்க்கலாம். பலர் இதற்கு ஆர்ஜினினைத் தேர்வார்கள். நான் அஸ்பார்டிக் அமிலத்தையே தேர்வேன். `D`, `E` அற்ற முன்முனையில் ஆர்ஜினினைச் சேர்த்தால், நாமே அறியாமல் மைட்டோகாண்டிரியச் சமிக்ஞை போன்ற ஒன்றை உருவாக்கிவிடும் வாய்ப்பு உண்டு. அஸ்பார்டிக் அமிலம் இரண்டு பாதைகளுக்கும் ஒவ்வாதது. ஒரு மாற்றம் போதாது என்று தோன்றினால் பக்கத்து எழுத்தையும் சேர்த்து மாற்றுங்கள்.

நுண்ணோக்கிக் காட்சியோடு உயிர்வேதியியல் சான்றையும் சேர்க்க விரும்பினால், எண்டோபிளாச வலையின் சவ்வுக்குமிழிகள் இருக்கும்போதும் இல்லாதபோதும் சோதனைக்குழாயில் புரதத்தை உருவாக்கி, ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிப் பார்க்கலாம். ஓர் அமினோ அமிலத்துக்குச் சராசரியாக 110 டால்டன் என்று கொண்டால், 17 எழுத்துகள் வெட்டப்படும்போது எடை ஏறத்தாழ 1.9 கிலோடால்டன் குறைய வேண்டும். சுமார் 22 கிலோடால்டன் முன்னோடியில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். பிறகு புரதச் சிதைப்பு நொதி ஒன்றைச் சேர்த்தால், குமிழிக்குள் சென்ற புரதம் தப்பிக்கும், வெளியே நிற்பது அழியும். சவ்வைக் கரைக்கும் சோப்புப்பொருளையும் சேர்த்த மூன்றாவது குழாயில் எல்லாமே அழிய வேண்டும். அப்படி அழியாவிட்டால் உங்கள் புரதம் இயல்பாகவே அந்த நொதியைத் தாங்கக்கூடியது. முந்தைய குழாயில் அது தப்பித்ததற்குச் சவ்வு காரணம் என்று சொல்ல முடியாது. கந்தகப் பிணைப்புகளால் இறுகிய ஹெவீன் போன்ற புரதங்களில் இதை மிகவும் எதிர்பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. புதிய பாலைப் பனிக்கட்டியில் குளிர்வித்து, ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, அதிவேக மையவிலக்கியில் சுழற்றினால் மேலே ரப்பர் படலமும், நடுவில் சைட்டோபிளாசத் திரவமும், அடியில் லுடாய்டுகள் நிறைந்த படிவும் பிரியும். அடிப்படிவை உறையவைத்து உருக்கினால் லுடாய்டுகள் உடைந்து உள்திரவம் வெளிவரும். இரண்டு திரவங்களிலும் ஹெவீனை எதிர்ப்புரதம் கொண்டு தேடுங்கள். முதிர்ந்த ஹெவீன் ஏறத்தாழ 4.7 கிலோடால்டன் மட்டுமே என்பதால் சாதாரண ஜெல்லில் ஓடித் தொலைந்துவிடும். சிறு பெப்டைடுகளுக்கான டிரைசின் ஜெல்லும் 0.2 மைக்ரோமீட்டர் துளைச்சவ்வும் தேவை.

நடுத்திரவத்திலும் ஹெவீன் தென்பட்டால், அது சைட்டோபிளாசப் புரதம் என்று எழுதுவதற்கு முன் லுடாய்டுகள் வழியிலேயே உடைந்துவிட்டனவா என்று பாருங்கள். அமிலப் பாஸ்பட்டேஸ் லுடாய்டுக்குள் இருக்கும் நொதி. பாலின் ஒரு பகுதியில் அதன் வெளிப்பட்ட செயல்பாட்டை அளந்து, மற்றொரு பகுதியில் லுடாய்டுகள் அனைத்தையும் சோப்புப்பொருளால் உடைத்து மொத்தச் செயல்பாட்டை அளந்து, முதலாவதை இரண்டாவதால் வகுத்து நூற்றுக்கணக்கில் எழுதினால் உடைவுவீதம் கிடைக்கும். நடுத்திரவத்தில் உள்ள ஹெவீனின் பங்கு ஏறத்தாழ இந்த வீதத்துக்கு இணையாக இருந்தால் அது உடைந்த லுடாய்டுகளிலிருந்து கசிந்தது. உடைவுவீதம் மிகக் குறைவாக இருந்தும் நடுத்திரவத்தில் ஹெவீன் மிகுதியாக இருந்தால் மட்டுமே, வேறொரு விளக்கத்தைத் தேடத் தொடங்க வேண்டும்.